மண்டையோட்டுக்குப் பதிலாக ஒரு சிரிப்பு

சசிகுமாருக்கு அந்தச் சிரிக்கிற மூஞ்சி மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் தெறிக்க, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற அந்த மஞ்சள் மூஞ்சி, போனில் எமோஜியைத் திறந்தால் அவர் கட்டைவிரலுக்கு முதலில் அகப்படும். அகப்பட்டதைப் போட்டார். போடப் போட அது இன்னும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பனியன் கம்பெனியில் ப்ரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிற மனுஷனுக்கு ஒரு கை எப்போதும் துணி மேலேயே இருக்கும். மிச்சமிருக்கிற ஒரு கையில் தேடித் தேடி எமோஜி போட யாரால் ஆகும்?

மச்சினன் அனுப்பும் ஊசிப்போன ஜோக்குக்கு அது. சாயப்பட்டறைக்காரரிடம் "துணி இன்னும் வரலீங்ளே 😂" என்று கேட்பதற்கும் அது. அது இல்லாமல் கேட்டால் சண்டைக்கு இழுப்பது போல இருக்கும். அதை வாலில் கட்டிவிட்டால் கோபம் உள்ளே ஒளிந்துகொள்ளும். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் தமிழ்மதி எதை அனுப்பினாலும் அதற்கும் அதுதான். சில நாள் அவள் எழுதியதை முழுசாகப் படிக்கக்கூட முடியாது. அன்றைக்கு மூன்றாகப் போடுவார். பார்த்துவிட்டேன், சந்தோஷம், அப்புறம் பேசுகிறேன், எல்லாம் அதற்குள் அடக்கம் என்பது அவர் எண்ணம். மகள் என்ன எண்ணினாள் என்று அவர் கேட்டதில்லை.

திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் அவர் வேலை பார்க்கும் மகுடேஸ்வரனின் கம்பெனி ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு மட்டும் தைத்தது. பிறகு எக்ஸ்போர்ட் ஆர்டர் சொட்டுச் சொட்டாக வந்து, போன தீபாவளியோடு அதுவும் நின்றுவிட்டது. மகுடேஸ்வரனுக்கு அறுபது தாண்டிவிட்டது, பையன் வேறு ஊரில் வேறு வேலை. ஒரு நாள் சசிகுமாரைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"ஏப்பா சசி, உள்ளூர் ஆர்டர் புடிச்சு லைனை ஓட்ட முடியுமான்னு பாரு. முடியலைன்னா சொல்லு, நான் ஷெட்டை வாடகைக்கு உட்டுட்டு செவனேன்னு உக்காந்துக்கறேன்."

அவர் உட்கார்ந்துகொள்வார். சசிகுமார் எங்கே போய் உட்காருவது? நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்றால், உள்ளே இருப்பவன் முதலில் பார்ப்பது தலைமுடியைத்தான். லைனில் இருக்கும் டெய்லர்களுக்காவது கை வேகம் இருக்கிறது, எங்கேயும் பிழைத்துக்கொள்வார்கள். அவருக்கு இருந்தது அனுபவம். அதைக் கேட்பாரில்லை. கொஞ்ச நாளாகவே காலையில் எழும்போதே அவர் உடம்பு அடித்துப் போட்டது போலத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தமிழ்மதி ஒரு ஆர்டர் கொண்டுவந்தாள். அவள் கல்லூரிக் கலைவிழா ஊர்வலத்தில் டிபார்ட்மென்ட் மொத்தமும் போட்டுக்கொள்ள டி-ஷர்ட், நானூற்றுச் சொச்சம். விழாக் கமிட்டியில் அவளும் ஒருத்தி.

"ஆனா அப்பா, கமிட்டி குரூப்ல என்ற அப்பான்னு காட்டிக்காதீங்க. ஊட்டுக்கே ஆர்டரைத் தூக்கிக் குடுத்துட்டான்னு பேசுவாங்க" என்றாள்.

"அது செரிதான் கண்ணு" என்றார் சசிகுமார். நியாயமான பேச்சுத்தான். குரூப்பில் அவர் "சசி திருப்பூர்" என்ற பெயரில் சேர்ந்தார். பிள்ளைகள் அங்கிள் என்றார்கள். மகள் அங்கிள் என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. அவரிடம் பேச வேண்டியதை எல்லாம் கமிட்டித் தலைவி ஷைமாதான் பேசினாள்.

ஷைமா அனுப்பிய டிசைனில் முன்பக்கம் விழாவின் பெயர். முதுகில் பெரிதாக ஒரு மண்டையோடு. சசிகுமாருக்கு அது பிடிபடவில்லை. மகளுக்குத் தனியாகப் போன் போட்டார்.

"இது அந்த எமோஜிதாங்ப்பா. சிரிச்சுச் சிரிச்சுச் செத்தே போயிட்டோம்னு அர்த்தம்."

"அப்போ சிரிப்புத்தானா?"

"சிரிப்புத்தாங்ப்பா. எங்காளுக சிரிச்சா இதத்தான் போடுவோம். இல்லைன்னா ஓன்னு அழுவற மூஞ்சி."

சிரிப்புக்குச் சாவும் அழுகையுமா என்று அவர் கேட்கவில்லை. ஆர்டர் கொடுக்கிறவர்கள் அவர்கள். இருந்தாலும் மனசுக்குள் ஒரு மூலையில் நெருடியது. பெற்ற பிள்ளைகள் முதுகில் மண்டையோட்டைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போகிற படம் அவர் கண்ணுக்கு நன்றாக இல்லை.

அவருக்கு நெருடியது, முதலாளிக்கு நேராகவே பற்றிக்கொண்டது. உள்ளூர் வேலைக்கென்று கம்பெனியிலேயே பிரிண்டிங் மிஷின் ஒன்றைப் புதிதாக இறக்கியிருந்தார்கள். அதற்கு நாள் பார்த்து, பூசை போட்டு, பூசணிக்காய் உடைத்து, குங்குமம் இன்னும் உதிராமல் இருந்தது. பிரிண்டிங் பார்க்கும் அமானுல்லா டிசைனின் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகுடேஸ்வரன் உள்ளே வந்தார்.

"என்ன கருமாந்திரம்பா இது? பூசை போட்ட மிஷின்ல மொத மொதல்ல மண்டையோடா அடிப்பீங்க?"

"இல்லீங்ணா, இது சிரிப்புக்குங்க" என்றார் சசிகுமார்.

"சிரிப்புன்னா சிரிக்கற மூஞ்சியப் போடு. மண்டையோடு எந்த ஊர்ல சிரிச்சுது?"

அமானுல்லா ஃபிலிமைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லீங்ணா, மொதலாளிக்கு மனசு ஒப்பலைன்னா வேற அடிச்சுக்கலாம்" என்றார். மனசு ஒப்பாமல் முதல் லாட் ஓட்டினால் அந்த மிஷின் உருப்படாது என்பதில் அந்த மூன்று பேருக்குள் கருத்து வேறுபாடே இல்லை. தையல் லைனில் ஊசி உடைந்தாலும் கரண்ட் போனாலும் அந்த மண்டையோட்டின் தலையில்தான் விழும்.

சசிகுமாருக்கு வழி சட்டென்று தோன்றிவிட்டது. மகள்தான் அர்த்தம் சொல்லியிருக்கிறாளே. சிரிப்பு. அதே சிரிப்புக்கு அவரிடம் வேறு மூஞ்சி இருக்கிறது, உலகமே போடுகிற மூஞ்சி. போனில் இருக்கும் படத்தை அப்படியே எடுத்து அச்சடிக்கவும் அவர் விடவில்லை. ஒவ்வொரு போன் கம்பெனியும் அந்த மூஞ்சியைத் தன் கைப்படத் தனியாக வரைந்து வைத்திருக்கிறது, அந்தப் படம் அவனவன் சொத்து என்பது எக்ஸ்போர்ட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது. அமானுல்லா உட்கார்ந்து சொந்தமாக ஒன்று வரைந்தார். கண்ணீர் கொஞ்சம் பெரிதாக, பல் கொஞ்சம் தூக்கலாக, நல்ல குடும்பக் களையோடு வந்திருந்தது.

ஒரு பனியனில் அடித்து, படம் எடுத்து, சசிகுமார் குரூப்பில் போட்டார்: "மண்டையோடு வேண்டாம்மா, மிஷின் புதுசு. அதே அர்த்தத்துல இது போட்டிருக்கு. ஓகேவா 😂"

பதில் மளமளவென்று வந்தது. 💀 என்று ஒருவன். 💀💀💀 என்று இன்னொருத்தி. "அங்கிள் முடியல 😭😭" என்று ஒன்று. "செத்தோம் அங்கிள் 💀" என்று ஷைமாவே போட்டாள். சசிகுமாருக்கு இப்போது அந்தப் பாஷை தெரியுமே. மண்டையோடு என்றால் சிரிப்பு, சிரிப்பு என்றால் சந்தோஷம், சந்தோஷம் என்றால் அப்ரூவல். கையெழுத்து, ஈமெயில் எல்லாம் எக்ஸ்போர்ட்டோடு போயிற்று. உள்ளூர் வியாபாரத்தில் பார்ட்டி வாட்ஸ்அப்பில் சிரித்தால் மிஷினை ஓட்ட வேண்டியதுதான். ஓட்டினார்.

குரூப்பில் ஒன்றுமே போடாதது தமிழ்மதி மட்டும்தான். பரீட்சை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

விழா அன்று காலையில் வேனில் பண்டல்களோடு அவரே போனார். கல்லூரி கேட்டுக்குள் ஒரு வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்ததும் கமிட்டிப் பிள்ளைகள் பத்துப் பேர் ஓடிவந்தார்கள். கடைசியில் தமிழ்மதி நின்றாள். அவரைப் பார்த்துவிட்டு வேனின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள்.

ஷைமா முதல் பண்டலைப் பிரித்து ஒரு பனியனை விரித்தாள். திருப்பினாள். முதுகுப்பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் ஒரு பையன் மட்டும் களுக்கென்று சிரித்து, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"அங்கிள், இத நிஜமாவே அடிச்சிட்டீங்களா?"

"போட்டோ போட்டேனேம்மா. எல்லாரும் சிரிச்சீங்களே."

"ஐயோ அங்கிள், நீங்க ஜோக் பண்றீங்கன்னு நினைச்சுல்ல சிரிச்சோம்!"

சசிகுமார் வேனின் படியில் உட்கார்ந்துகொண்டார். "இதும் சிரிப்புத்தானம்மா? அர்த்தம் ஒண்ணுதான?"

ஷைமா நல்ல பெண். கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்று, கெட்ட செய்தி சொல்லும் டாக்டரைப் போல நிதானமாகச் சொன்னாள்.

"அர்த்தம் ஒண்ணுதான் அங்கிள். ஆளுதான் வேற. இத இப்ப எங்க அத்தா போடுவாங்க, எங்க பெரியம்மா போடுவாங்க. ஃபேமிலி குரூப்ல குட்மார்னிங் பூவுக்குக் கீழ போடுவாங்க. நாங்களும் ஸ்கூல் படிக்கையில போட்டோம். அப்ப இதுதான் மாஸ். ஒரு வருசம் இங்கிலீஷ் டிக்‌ஷனரிக்காரங்க, இந்த வருசத்தோட வார்த்தையே இந்த மூஞ்சிதான்னு அறிவிச்சாங்க, தெரியுமா? அப்புறம் எல்லாரும் வந்துட்டாங்க. பேங்க்ல இருந்து வர்ற விளம்பரத்துலகூட இது வர ஆரம்பிச்சிருச்சு. அப்ப எங்களுக்கு வேற எடம் வேணும்ல?"

"நாங்க வந்ததுதான் தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல அங்கிள்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "எல்லாத்துக்கும் போட்டுப் போட்டு அதுல சிரிப்பே இல்லாமப் போயிருச்சு. எங்க அத்தா கரண்ட் பில்லுக்கும் அதப் போடறாங்க. நெஜமாச் சிரிச்சா அதப் போட முடியல, சும்மா மரியாதைக்குச் சிரிக்கற மாதிரி ஆயிடுது. அதனால கொஞ்சம் ஓவராப் போறோம். சிரிச்சேன்னு சொல்லாம செத்துட்டேன்னு சொல்றோம். யாரு சொன்னா, எங்கிருந்து வந்துச்சுன்னு எல்லாம் தெரியாது. அந்தக் கொரோனா சமயத்துல எல்லாரும் வீட்டுல போனும் கையுமா இருந்தோம்ல, அப்ப வீடியோ வீடியோவா கிண்டல் பண்ணுனாங்க, இதப் போட்டா வயசாயிருச்சுன்னு."

களுக்கென்று சிரித்த பையன் இடையில் புகுந்தான். "எல்லாப் பசங்களும் அப்படி இல்ல அங்கிள். என் ரூம்மேட் இன்னும் அதத்தான் போடறான். உலகத்துல அதிகமாப் போடறது இன்னமும் அதுவாத்தான் இருக்கும்."

"அதான் பிரச்சினையே" என்றாள் ஷைமா. "இன்னும் கொஞ்ச நாள்ல பெரியவங்க எல்லாம் மண்டையோடு போடக் கத்துக்குவாங்க. அப்ப அதையும் விட்டுட்டு ஓடுவோம்."

ஏற்கனவே கற்றுக்கொண்டவர் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அப்பன்மார் மூச்சிரைக்க வந்து சேர்வதும், வந்து சேர்ந்த நிமிஷம் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதும்தான் நடக்கிறது போல. இதில் யாரைக் குற்றம் சொல்ல? அவருக்குக் களைப்பாக இருந்தது. அடித்த பிரிண்ட்டைத் துவைத்து எடுக்க முடியாது. முதலாளிக்குப் போன் பண்ண வேண்டும். ஷெட்டுக்கு ஆள் பாருங்க அண்ணா என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமிருக்காது.

"சாரி அங்கிள். இதப் போட்டுட்டு ஊர்வலத்துல போனா மத்த டிபார்ட்மென்ட் எல்லாம் எங்கள ஓட்டியே சாகடிச்சிருவாங்க. நாங்க சொந்தச் சட்டையிலயே போய்க்கறோம்" என்றாள் ஷைமா.

அப்போது தமிழ்மதி முன்னால் வந்தாள். பண்டலிலிருந்து ஒரு பனியனை உருவி, சுடிதார் மேலேயே தலை வழியாக மாட்டிக்கொண்டாள். இரண்டு அளவு பெரிது. கைகள் முழங்கை வரை தொங்கின.

"இவரு என்ற அப்பா" என்றாள்.

ஷைமா இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"குரூப்ல போட்டோ வந்தப்பவே எனக்குத் தெரியும், அவரு ஜோக் பண்ணலைன்னு. எங்கப்பாவுக்கு ஜோக்கே வராது. நீங்க எல்லாம் சிரிச்சீங்க. இவரு யாரோட அப்பான்னு தெரிஞ்சுருமோன்னு நான் பேசாம இருந்துட்டேன். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா மிஷின் ஓடியிருக்காது. நீங்க போடாட்டிப் போங்க, நான் இதத்தான் போட்டுட்டு வருவேன்."

 சசிகுமார் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவருக்கு மகள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பூசை போட்ட மிஷினில் மண்டையோடு அடிக்க அவர் கூசினார், அவள் அப்பனைக் காட்ட வெட்கப்பட்டாள். இரண்டும் சேர்ந்து நானூறு பனியனாக வேனில் கிடந்தது.

ஷைமா தமிழ்மதியின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மெதுவாக ஒரு சிரிப்பு அவள் முகத்தில் பரவியது.

"ஏய், நாம எல்லாருமே அங்கிள் ஆன்ட்டியாப் போனா என்ன?"

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது. ஊர்வலத்துக்குப் போட்டு வைத்திருந்த திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒவ்வொருவரும் தங்கள் அப்பாவாகவும் அம்மாவாகவும் போவதென்று நின்ற நிற்பில் முடிவாயிற்று. வாட்ச்மேனிடம் துண்டு கடன் வாங்கினார்கள். ஒருவன் பனியனுக்குள் பையைத் திணித்துத் தொப்பை வைத்தான். ஒருத்தி மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டாள். அந்தக் களுக்குப் பையன் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, கடைசியில் தலையைத் தூக்கி, "போட்டாச்சு!" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அது அச்சு அசல் சசிகுமார்தான். அவனுக்கு அது தெரியாது, அவன் அவனுடைய அப்பாவைத்தான் காட்டினான். பண்டல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நானூற்றுச் சொச்சம் முதுகுகளில் மஞ்சள் மூஞ்சி கண்ணீர் விட்டுச் சிரித்துக்கொண்டு மைதானத்தை நோக்கிப் போயிற்று. சரக்கு போய்விட்டது, லைன் ஓடும், வேலை தப்பியது. அது நிம்மதி. தப்பியது கிண்டலில்தான் என்பது வலித்தது. வயிறு நிம்மதியின் பக்கம் நின்றதால் அதுவே ஜெயித்தது.

மகுடேஸ்வரன் போன் பண்ணினார். "என்னப்பா, புள்ளைங்களுக்குப் புடிச்சுதா?"

"ரொம்பப் புடிச்சுப் போச்சுங்ணா. எல்லாம் சிரிப்பா சிரிச்சாங்க."

"நாஞ் சொன்னேன் பாத்தியா? மண்டையோடாம் மண்டையோடு!"

சசிகுமார் ஆமாங்ணா என்று வைத்துவிட்டார்.

திரும்பும்போது பல்லடத்துக்கு முன்னால் டீக்கடையில் வேனை நிறுத்தினார். போனை எடுத்து மகளுடைய பக்கத்தைத் திறந்து மேலே மேலே தள்ளிப் பார்த்தார். அவர் பக்கம் முழுக்க அந்த மூஞ்சிதான், வரிசை வரிசையாக. அவள் ஹாஸ்டலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்று எழுதிய இடத்தில் மூன்று. பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டது என்று எழுதிய இடத்திலும் இரண்டு. முதலில் அவள் நீளமாக எழுதியிருந்தாள். போகப் போக ஒரு வரியாயிற்று. கடைசி சில வாரங்களாக "சரிங்ப்பா" மட்டும். எமோஜி பழசானது எப்படி என்று ஷைமா அத்தனை நேரம் சொன்னது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. அவர் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

அப்போது போன் நடுங்கியது. தமிழ்மதி.

"பாத்துப் போங்ப்பா. முழங்காலுக்குத் தைலம் போடுங்க. சாயங்காலம் கூப்புடறேன் 😂"

அவள் அவருக்கு அதைப் போட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கிண்டலா, பிரியமா? கேட்டால் சொல்வாள். கேட்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் அவர் பாஷையில் ஒன்று போட்டிருக்கிறாள், அவள் பாஷையில் நாமும் ஒன்று போட வேண்டும் என்று ஆசை வந்தது. எமோஜிப் பலகையைத் தள்ளித் தள்ளி, பேய்க்கும் பிசாசுக்கும் நடுவே அந்த மண்டையோட்டைக் கண்டுபிடித்தார். கட்டைவிரல் அதன் மேல் வந்து நின்றது.

சிரிப்புத்தான். அர்த்தம் தெரியும். இருந்தாலும் பெற்ற மகளுக்கு மண்டையோடு அனுப்ப அவர் கை வரவில்லை.

"செரி கண்ணு. உனக்குக் காலையில சாப்பாடு ஆச்சா? அந்தப் போன பேப்பரு என்னாச்சு?" என்று ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். கடைசியில் பழக்கதோஷத்தில் அந்த மூஞ்சி வந்து விழுந்தது. அழிக்கலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தார். இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார்.